பெரியத்தை வந்திருந்த ஆறு வாரம்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

காலையில் பெரியத்தையும் பெரிய மாமாவும் பொதிகை எக்ஸ்பிரஸில் தாம்பரம் வந்து இறங்கினார்கள். ஒரு பையில் கருப்பட்டி, ஒரு பையில் கூழ் வத்தல், சாக்கில் கட்டிய முருங்கைக்காய். பெரிய மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு 23-ஆம் தேதி ஆபரேஷன், மூன்று வாரம் கழித்து இடது கண். அதற்கு மேல் பரிசோதனைகள். எப்படியும் மார்ச் தொடக்கம் வரை இங்கேதான்.

பெரியத்தை என் மாமியாரின் அக்கா. என் மாமனார் காலமான பிறகு என் கணவரைச் சங்கரன்கோவிலில் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர். அவர்கள் கேட்டதும் நாங்கள் யோசிக்க எதுவுமே இல்லை.

எங்களுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். மகளின் அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தோம். அவளுக்கு மார்ச் 28-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்குகிறது. கூடத்தில் சாப்பாட்டு மேசையில் படிக்கிறேன் என்று அவளே சொன்னாள்.

இரவு படுக்கும்போது நினைத்தேன், இந்த வீட்டின் நேரங்களை இன்றே சொல்லியிருக்கலாம். வந்த அன்று எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்று கட்டைப் பிரித்தார்கள். மாமா முதலில் பார்த்தது மருத்துவமனைச் சுவரில் இருந்த காலண்டரை. "தேதி தெரியுதும்மா" என்றார்.

சொட்டு மருந்து முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை குறைத்துக்கொண்டே போய், ஆறு வாரம். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனிந்து எதையும் தூக்கக்கூடாது. இரண்டு வகை மருந்து இருப்பதால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடவேண்டும். நேரங்களை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஜனவரி 27, திங்கள்

இரண்டு விஷயம் நெருக்கிக்கொண்டிருக்கிறது.

இவருக்கு இரவு ஷிஃப்ட். கேப் வந்து இறக்கிவிடும்போது விடியற்காலை மூன்றரை. படுத்தால் பத்தரை வரை தூங்க வேண்டும். பெரியத்தை நாலரைக்கு எழுந்துவிடுவார். ஐந்தே முக்காலுக்குச் சட்னிக்கு மிக்ஸி. ஆறு மணிக்கு விளக்கேற்றி மணி அடிப்பார். எங்கள் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

சாயங்காலம் டிவி. ஏழு மணிக்குத் தொடங்கும் சீரியல் ஒன்பதரைக்குத்தான் ஓயும். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தத்தை 28-ல் வைத்திருக்கிறார். மூன்றடி தள்ளி மகள் கணக்குப் போடுகிறாள். இன்று நோட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். "தாத்தாகிட்ட நீ போய் சொல்லு" என்று அவளை அனுப்ப வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிள்ளையைத் தூது விட்டால், நாம் நேரில் சொல்லத் தயங்கியது அவர்களுக்குத் தெரிந்துபோகும். பழியும் பிள்ளை மேல் விழும்.

ஜனவரி 28, செவ்வாய்

நான் பயந்தது நடந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு இவர் கதவைத் திறந்து, "பெரியம்மா, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்களேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் முகத்தில் தூக்கமும் எரிச்சலும் அப்படியே தெரிந்தன. பெரியத்தை கையில் பூஜை மணி. அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் மணியின் நாக்கை விரலால் பிடித்தபடி மெதுவாகக் கீழே வைத்தார்.

இன்று முழுக்கச் சமையலறைப் பக்கமே வரவில்லை. "ஏம்மா, தண்ணி எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் குடிக்கிறார். போன வாரம் ஃபிரிட்ஜைத் திறந்து மாவை எடுத்து அவரே தோசை சுட்டவர். சாப்பாட்டில் இரண்டாவது கரண்டி வேண்டாம் என்றார். பகலில் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் டிவியும் போடவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் தாங்கவில்லை. மதுரையில் இருக்கும் தன் மகளிடம் போனில், "டிக்கெட் எப்ப கிடைக்கும்னு பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது.

சொன்னதில் தப்பில்லை. தொந்தரவு நடந்துகொண்டிருந்த அந்த நிமிடத்தில் சொன்னதுதான் தப்பு. கையில் மணியோடு நிற்பவரிடம் அதைச் சொன்னால் எப்படிச் சொன்னாலும் குற்றம் சாட்டுவதாகத்தான் படும்.

இரவு இவர் கிளம்பும் முன் பேசினோம். நாளை முதலில் மன்னிப்பு, அதை இவர்தான் கேட்க வேண்டும். இவர் அவர்கள் பிள்ளை. மருமகள் நான் முதலில் பேசினால், அவன் மனசில் இல்லாததை இவள் தூண்டிவிடுகிறாள் என்று போய்விடும். வீட்டு நேரங்களை அப்புறம் நான் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 29, புதன்

பதினொரு மணிக்கு எழுந்ததும் இவர் பெரியத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நேத்து தூக்கக் கலக்கத்துல அப்படிச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க பெரியம்மா." அவ்வளவுதான். "ஆனால்" என்று எதையும் அதோடு சேர்க்கவில்லை. சேர்க்கக்கூடாது என்று முந்தின இரவே பேசி வைத்திருந்தோம். அவர் இவர் தலையைத் தடவிவிட்டு, "போடா, பல்லு வெளக்கு" என்றார்.

மூன்று மணிக்கு நானும் பெரியத்தையும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கை வேலை இருந்தால் பேச்சு எளிதாக வருகிறது, முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்படித் தொடங்கினேன்.

"பெரியத்தை, நீங்க வந்த அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும், என் தப்பு. இவருக்கு ராத்திரிதான் ஆபீஸ். நாலு மணிக்குப் படுத்து பத்தரைக்கு எந்திரிச்சாதான் உடம்பு தாங்கும். போன வருஷம் தூக்கம் கெட்டுத் தலைசுத்தல் வந்து டாக்டர்கிட்ட போனோம்."

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா. காலையில வந்து படுக்கான்னு தெரியும், அம்புட்டு நேரம் தூங்கணும்னு தெரியாதே."

"அதான். பத்தரை வரைக்கும் சமையலறைச் சுவர்கிட்ட சத்தம் வராம பாத்துக்கிட்டா போதும். நீங்க எந்திரிக்கிறதோ சாமி கும்பிடுறதோ மாற வேண்டாம். இதை எப்படிச் செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

கடைசிக் கேள்வியை நான் வேண்டுமென்றேதான் கேட்டேன். என்னிடமும் ஒரு யோசனை இருந்தது, சட்னியை முந்தின நாளே அரைத்து ஃபிரிட்ஜில் வைப்பது. அதைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார், மனசுக்குப் பிடித்திருக்காது. அவர் கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "வாஷிங் மெஷின் கிட்ட ஒரு பிளக் இருக்கே, மிக்ஸியை அங்க கொண்டுபோயிட்டு கதவைச் சாத்திக்கிடுதேன். மணியை அவன் எந்திரிச்ச பிறகு அடிச்சா சாமி வேண்டாம்னா சொல்லப்போவுது?" என்றார்.

சர்வீஸ் பால்கனியில் அந்த பிளக் இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

டிவி விஷயத்தை அதே மூச்சில் சொல்லாமல் இரண்டு நாள் தள்ளினேன். ஒரே நாளில் இரண்டு கேட்டால் அது பட்டியல் ஆகிவிடும். ஃபிரிட்ஜில் நேர அட்டவணை ஒட்டலாம் என்று தோழி சொன்னாள். மருந்து அட்டை மாமாவுக்காக ஒட்டியது. நாங்கள் இருந்துகொண்டே சுவரில் எழுதி வைத்தால் அது லாட்ஜ் மாதிரி இருக்கும்.

மாமாவிடம் பேசும் முன் நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். டிவி பன்னிரண்டு அடி தூரத்தில். காது மந்தமானவருக்கு அங்கே 28 வைத்தால்தான் கேட்கும். அவர் அடம் பிடிக்கவில்லை, அவருக்குக் கேட்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை டிவியோடு இணைத்து அவர் தோள் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். மிகக் குறைந்த சத்தத்திலேயே, "இப்பத்தான் பேசுறது புரியுது" என்றார். ஹெட்ஃபோன் கொடுத்திருந்தால் பெரியத்தை கேட்க முடியாது, இருவரும் சேர்ந்து பார்க்கும் ஒரே நேரம் அது.

அதற்குப் பிறகுதான் பரீட்சையைச் சொன்னேன். மகளின் படிக்கும் மேசை இன்னும் அந்த அறையிலேயே கிடக்கிறது. ஏழிலிருந்து ஒன்பதரை வரை நீங்கள் கூடத்தில், அவள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. நீங்கள் படுக்கப் போகும்போது அவள் வெளியே வந்துவிடுவாள். மாமா உடனே எழுந்துபோய் மேசை மேல் இருந்த தன் மாத்திரை டப்பாக்களை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். "பாப்பா மேசைய நாங்க புடிச்சுக்கிட்டோமே" என்று இரண்டு தடவை சொன்னார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பெரியத்தை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. டம்ளர் வைப்பதற்குக்கூட மெதுவாக வைக்கிறார். "சத்தம் வந்துச்சா?" என்று கேட்கிறார். நான் கேட்டதைவிட அதிகமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்று பத்தே முக்காலுக்கு, "பெரியத்தை, இப்ப எல்லாரும் எந்திரிச்சாச்சு, மதியத்துக்கு உங்க சொதி வேணும்" என்று தேங்காயை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பக்கத்தில் நின்று கரண்டி எடுத்துக் கொடுக்கவில்லை. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், மூன்று பால் என்று அவர் பாட்டுக்கு வேலையில் இறங்கினார். என் அலமாரியில் இரண்டு டப்பா இடம் மாறியிருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தூக்கமும் படிப்பும் மட்டும்தான் நான் கேட்டது. கடுகு டப்பா எங்கே இருந்தாலும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று இடது கண். இன்று கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணுக்கு மூன்று தடவை, இடது கண்ணுக்கு ஆறு தடவை என்று அட்டையை இரண்டு நிறத்தில் புதிதாக எழுதினேன்.

நேற்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் சமையலறையிலேயே மிக்ஸி ஓடியது. இவர் புரண்டு படுத்தார், அவ்வளவுதான். ஒரு நாள் தவறுவதை எண்ணிக்கொண்டிருந்தால் சொன்னதே வீணாகிவிடும். இன்று மிக்ஸி பால்கனிக்குத் தானாகப் போய்விட்டது.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க, எங்களுக்கு மருந்தே ஆறு வாரம்" என்றார் மாமா, கீழிமையை நான் இழுத்துப் பிடித்துச் சொட்டு விடும்போது. இருங்க மாமா, அசையாதீங்க என்றேன்.

மார்ச் 1, சனி

நேற்று டாக்டர் பார்த்தார், திருப்தி. மீதிச் சொட்டை ஊரில் விட்டுக்கொள்ளலாம். நாளை இரவு ரயில்.

இன்று மாலை ஏழு மணிக்கு மாமா தானாகவே நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்திவிட்டு, மகளைப் பார்த்து, "பாப்பா, உள்ள போ, நேரமாச்சு" என்றார். அவள் போகும் வழியில் ஆச்சி கையில் இருந்த கருப்பட்டித் துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

காலையில் இவர் எழுந்து காபியோடு வந்ததும் பெரியத்தை மணி அடித்தார். மணி பத்து நாற்பது. இவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்.