கண்ணாடி போட்ட படத்துக்கு இரண்டு வரி

கண்ணாடி வாங்கி மூன்று நாள் ஆகியும் படம் போடவில்லை. படம் தயாராக இருந்தது. அதற்குக் கீழே எழுத வேண்டிய இரண்டு வரிதான் வரவில்லை. கண் பரிசோதனை, ஃப்ரேம் தேர்வு, லென்ஸ் வெட்டி மாட்டுவது எல்லாம் சேர்த்து ஆன நேரத்தைவிட இந்த இரண்டு வரிக்கு ஆன நேரம் அதிகம் என்றால் நம்ப மாட்டீர்கள். என் தம்பி நம்பினான். மூன்று நாளும் பக்கத்தில் இருந்து சிரித்தவன் அவன்தானே.

முதலில் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கையை நீட்டி நானே எடுத்த முதல் ஏழெட்டுப் படங்களிலும் என் கண்ணைக் காணோம். லென்ஸ் இரண்டிலும் ஜன்னல்தான் இருந்தது. ஒரு படத்தில் ஜன்னலுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டம் இரண்டு. என்னவென்று பெரிதாக்கிப் பார்த்தால், என் போன் திரை. அப்புறம் தம்பிதான் சொன்னான், "ஜன்னலுக்கு நேரா நிக்காத, பக்கவாட்டுல நில்லுக்கா. கண்ணாடிக் காலை காதுக்கு மேல ஒரு நூல் அளவு தூக்கி விடு." அப்படித் தூக்கினால் லென்ஸ் லேசாகக் கீழ்நோக்கிச் சாயும். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கேமராவுக்கு வராமல் தரைப் பக்கம் போய்விடும். காதின் மேல் கால் தொங்கிக்கொண்டிருப்பது நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. போனையும் நான் பிடிக்காமல் அவன் நாலடி தள்ளி நின்று எடுத்தான். கிட்டத்தில் வைத்து எடுத்தால் மூக்கு முன்னால் வந்து, அதன் மேல் உட்கார்ந்த ஃப்ரேமும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. ஏற்கெனவே தடித்த கறுப்பு ஃப்ரேம். அதை இன்னும் தடிக்க வைக்க வேண்டாமே.

சரி, படம் வந்துவிட்டது. இனி வரி.

முதலில் எழுதியது "புதிய தோற்றம்". எழுதியதும் நானே அழித்துவிட்டேன். படத்தில் தெரிவதைப் படத்துக்குக் கீழே எழுதினால், 'இது நாற்காலி' என்று நாற்காலி மேல் சீட்டு ஒட்டுவது மாதிரி. அடுத்து, "இன்று முதல் நாலு கண்". இதை நான் எழுதாவிட்டாலும் முதல் பின்னூட்டத்தில் யாராவது எழுதத்தான் போகிறார்கள். சோடாபுட்டி என்ற பட்டமும் அப்படித்தான். அதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைக் கேட்டு அழுதவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். மைனஸ் 1.5 வைத்துக்கொண்டு அவர்களுடைய பட்டத்தை நான் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

மூன்றாவதாக, "இப்போது கொஞ்சம் அறிவாளி மாதிரி இருக்கிறேனா?" இதைப் போட்டிருந்தால் நூறு லைக் வந்திருக்கும். ஆனால் கேள்விக்குறி வந்ததுமே கேலி போய்விட்டது, கவனித்தீர்களா? பாராட்டுக்குத் தட்டு நீட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. பதிலும் இரண்டே வகையில்தான் வரும். "ஆமா, சூப்பர்" என்பார்கள், அல்லது "மாதிரிதான் இருக்க" என்பார்கள். இரண்டாவது வகை என் தம்பி.

நாலாவது வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. "இத்தனை நாள் நீங்க எல்லாரும் அழகாத்தான் தெரிஞ்சீங்க. இப்பக் கண்ணாடி போட்டுட்டேன்." எழுதிவிட்டு நானே சிரித்தேன். குடும்பக் குழுவில் படத்தோடு அனுப்பியும் பார்த்தேன். ஐந்து நிமிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் சித்தி, "அப்போ நாங்க எல்லாம் இப்ப எப்படித் தெரியுறோம்மா?" என்று கேட்டார். கூடவே ஒரு சிரிப்பு முகம்கூட இல்லை. "சும்மா விளையாட்டுக்கு, சித்தி" என்று எழுதி, அந்தப் பதிவை எல்லாருக்கும் சேர்த்து நீக்கிவிட்டேன்.

ஆனால் அந்த வரியில் ஏதோ ஒன்று சரியாக இருந்தது. 'பார்வை தெளிந்ததும் அழகு போய்விட்டது' என்ற திருப்பம் நல்ல திருப்பம்தான். அடி விழுந்த இடம்தான் தப்பு. கண்ணாடி போட்டது நான், அடி வாங்கியது சித்தி. அதையே என் பக்கம் திருப்பினால்? அப்போதுதான் 'கண்ணாடி' என்ற சொல் கண்ணில் பட்டது. மூன்று நாளாக மூக்கு மேலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. அப்படி வந்த முதல் வடிவம் இது:

"நேற்று வரை முகம் பார்க்கும் கண்ணாடியில் நான் அழகாகத் தெரிந்தேன். இன்று மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்ததும்தான் உண்மை தெரிந்தது."

தம்பி படித்துவிட்டு, "நல்லாருக்கு, ஆனா வகுப்பு எடுக்குற மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது சரி. எது எந்தக் கண்ணாடி என்று நானே பிரித்துச் சொல்லிவிட்டால் படிப்பவருக்கு வேலை இல்லை. பிரித்துச் சொல்லத் தேவையும் இல்லை. 'கண்ணாடியில்' என்று எழுதினாலே அது சுவரில் இருப்பது. 'கண்ணாடி போட்டு' என்றாலே மூக்கில் இருப்பது. வேற்றுமை உருபும் வினையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஆகவே 'முகம் பார்க்கும்' போனது, 'மூக்கு' போனது.

அடுத்தது 'தெரிந்தேன்'. அழகாகத் தெரிந்தேன் என்றதுமே, 'ஓ, இல்லை போலிருக்கிறது' என்று படிப்பவர் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். 'இருந்தேன்' என்று எழுதினால் அடித்துச் சொல்வது மாதிரி இருக்கும். இங்கே நான் கேலி செய்ய நினைத்தது என் முகத்தை இல்லை, அந்த நம்பிக்கையை. முகத்தைக் கேலி செய்தால் பின்னூட்டத்தில் எல்லாரும் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள். அதைவிடச் சங்கடம் வேறில்லை. நம்பிக்கையைக் கேலி செய்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். அதோடு ஒரு 'தான்' சேர்த்தேன். "அழகாத்தான் இருந்தேன்" என்று யாராவது ஆரம்பித்தால் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று காது தானாகவே நிமிரும்.

வெட்ட மனமே வராதது கடைசியில் இருந்த 'உண்மை தெரிந்தது'. அதை எடுத்தால் புரியுமா என்று பயம். எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் புதிதாகப் படிப்பவள் மாதிரி படித்துப் பார்த்தேன். புரிந்தது. 'பார்த்தேன்' என்று நின்றுவிடுவதுதான் நன்றாக இருந்தது. என்ன பார்த்தேன் என்று சொல்லவில்லை, படத்தைப் பார்ப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும். 'போட்டுப் பார்த்தேன்' என்பதற்குச் சும்மா மாட்டிப் பார்த்தேன் என்றும் அர்த்தம் வரும், மாட்டிக்கொண்டு பார்த்தேன் என்றும் வரும். வினை கடைசியில் வரும் மொழி என்பதால், வெடிக்க வேண்டியதைக் கடைசிச் சொல்லில் வைப்பது நமக்குச் சுலபம். அதற்குப் பிறகு விளக்கம் சேர்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

கடைசியில் நின்றது இது:

"நேத்து வரை கண்ணாடியில் அழகாத்தான் இருந்தேன். இன்னைக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்."

நீளத்தையும் கொஞ்சம் யோசித்தேன். இன்ஸ்டாகிராமில் 2,200 குறிகள் வரை எழுத இடம் கொடுக்கிறார்கள். ஆனால் படத்தோடு வெளியே தெரிவது முதல் ஓரிரு வரிதான், மிச்சத்தைத் தட்டித் திறக்க வேண்டும். வெடி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் யார் திறக்கப் போகிறார்கள்? தமிழில் இன்னொரு வேடிக்கை, 'கண்ணாடி' நமக்கு நாலு எழுத்து, இயந்திரத்துக்கு ஏழு. புள்ளியையும் துணைக்காலையும் மேல்விலங்கையும் அது தனித்தனியாக எண்ணும். அந்தக் கணக்கிலும் என் வரி நிறுத்தற்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 85தான். நிம்மதி.

போடுவதற்கு முன்னால் தம்பி ஒரு குண்டு போட்டான். "அக்கா, உனக்குத் தூரம்தானே தெரியாது? கண்ணாடி ரெண்டடியிலதானே இருக்கு? அதுல உன் மூஞ்சி தெளிவாத்தானே தெரிஞ்சிருக்கும்? அப்போ இந்த வரியே பொய்." எனக்குத் திக்கென்றது. கேலி என்றாலும் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மைனஸ் 1.5 என்றால் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் தூரம் ஒரு மீட்டரை 1.5 ஆல் வகுத்தது, அதாவது சுமார் 67 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட இரண்டேகால் அடி. சுவர்க் கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி நின்றால் முகம் தெளிவுக்குள்தான் வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் பிம்பம் கண்ணாடிப் பரப்பில் இல்லை. நாம் எவ்வளவு முன்னால் நிற்கிறோமோ அவ்வளவு பின்னால் இருக்கிறது. ஆக, என் முகம் என்னிடமிருந்து நாலடி தள்ளி இருந்திருக்கிறது. இத்தனை நாள் என்னை நானே மங்கலாகத்தான் பார்த்திருக்கிறேன். பருத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் அந்த மங்கல் மெழுகிவிட்டிருக்கிறது. கண்ணாடியோடு முதல் நாள் காலையில் நின்றபோது, 'இது எப்போ வந்தது?' என்று நெற்றியைத் தடவிப் பார்த்தேன். அது வந்து வருஷக்கணக்காகியிருக்கும்.

"சரி, போன்ல எடுத்த படத்தைக் கிட்டத்துல வெச்சுத்தானே பார்ப்ப? அதுல தெரியலையா?" என்றான் விடாமல். போனில் ஃபில்டர் போட்டுத்தான் படம் எடுப்பேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

வரி பொய் இல்லை என்று ஆனதும் சேர்த்துவிட்டேன். ஹேஷ்டேக் போடவில்லை. சிரித்துக் கண்ணீர் விடும் முகத்தை மட்டும் சேர்க்கலாமா என்று கை போனது. இங்கே சிரிக்கவும் என்று பலகை வைப்பது மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

குடும்பக் குழுவிலும் அதே படம், புது வரியோடு. இந்த முறை சித்தியிடமிருந்து ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

"எனக்கு நீ இப்பவும் அழகாத்தாம்மா தெரியுற. நான் இன்னும் கண்ணாடி போடலை."