அம்மாவின் டிவி முகப்பைச் சீர்செய்தபோது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அம்மாவின் வீட்டில் ஓர் ஆண்ட்ராய்டு டிவி இருக்கிறது. சில ஆண்டுகள் பழையது, முகப்புத் திரையும் பழைய அமைப்புதான். மேலே செயலிகள் நிற்கும் ஒரு வரிசை. அதற்குக் கீழே, ஒவ்வொரு செயலியும் தன் படங்களைக் காட்டும் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகும். அம்மா பார்ப்பது இரண்டே இரண்டு: யூடியூபில் பக்திப் பாடல்கள், இன்னொரு செயலியில் தொடர். அந்தத் தொடரை எட்ட அவர் வலப்பக்கப் பொத்தானை ஏழு முறை அழுத்துவதை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நடுவில் கை தவறினால் சந்தா கேட்கும் ஏதோ ஒரு செயலி திறந்துகொள்ளும். உடனே புதுச்சேரியில் இருக்கும் எனக்குத் தொலைபேசி வரும்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் உட்கார்ந்தேன். மேல்வரிசை எளிது. ஒரு செயலியின் மேல் நின்று ஓகே பொத்தானை விடாமல் அழுத்தினால் சிறு பட்டியல் வரும். பட்டியல் தோன்றும் முன்னே விரலை எடுத்துவிட்டால் செயலி திறந்துவிடும். எனக்கே இரண்டு முறை அப்படி ஆனது. அந்தப் பட்டியலில் Move என்பதைத் தேர்ந்து, அம்புப் பொத்தானால் இடப்பக்கம் நகர்த்தி, மறுபடி ஓகே அழுத்தினால் அங்கேயே நின்றுவிடும். தொடர் பார்க்கும் செயலியை முதலாவதாகவும் யூடியூபை இரண்டாவதாகவும் வைத்தேன். யாரும் தொடாதவற்றுக்கு அதே பட்டியலில் Remove from favorites கொடுத்தேன். இதனால் செயலி அழிந்துவிடாது. இடக்கோடியில் இருக்கும் Apps பொத்தானுக்குள் அது பத்திரமாக இருக்கும். வேண்டும்போது மேல்வரிசைக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.

கீழே உள்ள வரிசைகளில்தான் தவறு செய்தேன். திரையின் அடிவரை இறங்கினால் Customize channels என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் ஒவ்வொரு செயலியின் வரிசைகளுக்கும் ஒரு சுவிட்ச். வேகவேகமாக எல்லாவற்றையும் அணைத்தேன். மறுநாள் காலை, "என் பாட்டுப் பெட்டிகளைக் காணோமே" என்றார் அம்மா. யூடியூப் செயலியைத் திறக்காமல், முகப்பிலேயே கீழே இறங்கி, அங்கே தெரியும் பாடல் படத்தை அழுத்துவதுதான் அவர் வழக்கம். நான் அவரைக் கேட்கவே இல்லை. அதன் பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வரிசை வரிசையாக இறங்கி, "இது வேண்டுமா அம்மா?" என்று கேட்டுத்தான் செய்தேன். யூடியூப் வரிசையைத் திரும்ப இயக்கினேன். அதில் இடப்பக்கமாகச் சின்னத்திற்கு வந்தால் நகர்த்தவும் நீக்கவும் வழி இருக்கிறது. நகர்த்துவதைத் தேர்ந்து, மேல் அம்பை அழுத்தி, முடிந்த அளவு மேலே ஏற்றினேன்.

Play Next வரிசையை நீக்க மனமில்லை. பாதியில் நிறுத்திய தொடர் அங்கேதான் காத்திருக்கும். அம்மாவுக்கு அது பெரிய வசதி. ஆனால் விடுமுறையில் வந்த பிள்ளைகள் பாதி பார்த்த கார்ட்டூன்கள் அதை அடைத்திருந்தன. Customize channels பக்கத்திலேயே இந்த வரிசையில் எந்தச் செயலிகள் இடம்பெறலாம் என்று தனியாகத் தேர்ந்துகொள்ளலாம். கார்ட்டூன் செயலியை அங்கே அணைத்தேன்.

படத்தின் மேல் நின்றாலே சத்தத்துடன் முன்னோட்டம் ஓடுவது அம்மாவைத் திடுக்கிட வைத்துக்கொண்டிருந்தது. Settings, Device Preferences, Home screen என்று போய் Enable audio previews என்பதை அணைத்ததும் அது நின்றது. அன்று செய்தவற்றில் அம்மா மிகவும் மகிழ்ந்தது இதற்குத்தான்.

ஒரு விளம்பர வரிசை மட்டும் போகவில்லை. அந்தச் சுவிட்ச் பட்டியலில் அதன் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாததை அங்கிருந்து நீக்க முடியாது என்று தெரிந்ததும் தேடுவதை விட்டுவிட்டேன். ரிமோட்டிலேயே செயலிப் பெயர் அச்சிட்ட பொத்தான்களையும் இந்த மாற்றங்கள் தொடுவதில்லை. அவற்றில் ஒன்றின் செயலியை Settings வழியாக Apps பகுதிக்குப் போய் Disable செய்தேன். டிவியுடனேயே வந்த செயலிகளில் சிலவற்றுக்கு அந்த வாய்ப்பும் இருப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புதிதாக ஒரு வரிசை வந்து நின்றது. தம்பி கிரிக்கெட் பார்க்க ஒரு செயலியை நிறுவியிருந்தான். இந்த அமைப்பில் ஒரு செயலி உருவாக்கும் முதல் வரிசை நம்மைக் கேட்காமலே முகப்பில் சேர்ந்துவிடும். அடுத்தடுத்த வரிசைகளுக்குத்தான் நம் அனுமதி வேண்டும். நான் பஸ் ஏறவில்லை. தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அம்மா இடப்பக்கம் போய், நீக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து, தானே எடுத்துவிட்டார்.