கூட்டப் படத்தைத் துண்டு போட்டு, கடைசி வரிசை முகங்களைப் பிடித்த அனுபவம்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பில், மொட்டை மாடியிலிருந்து மைதானத்தைப் பார்த்து ஒரே ஒரு படம் எடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண் போட்டு, அந்தந்த செட்டுக்காரர்களிடம் கொடுத்துப் பெயர் எழுதி வாங்க வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

முதலில் குழுவில் வந்த படம் வாட்ஸப் சுருக்கியது, அகலம் 1600 பிக்சல். அதில் கடைசி வரிசைக்காரரின் முகம் 5 பிக்சல்கூட இல்லை. போட்டோகிராபரிடம் ஒரிஜினலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்கினேன். 6000×4000 பிக்சல். முன்வரிசையில் ஒரு முகத்தின் உயரம் சுமார் 110 பிக்சல், கடைசியில் கேட் ஓரம் நிற்பவர்களுக்கு 18. இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்த அளவெடுப்புதான். படத்தைப் பெரிதாக்கி நாலைந்து முகங்களை அளந்தால் போதும், மீதி முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே வரும்.

நான் பயன்படுத்தியது பைதானில் insightface என்ற, முகங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றைச் சுற்றியும் பெட்டி போடும் நிரல் தொகுப்பு. அதற்குப் படத்தை அப்படியே கொடுத்தபோது முன்னால் நின்ற சில வரிசைகளில் மட்டும் பெட்டி விழுந்தது, பின்னால் ஒன்றுமில்லை. காரணம் det_size. வழக்கமாக அது (640, 640) என்று இருக்கும். எவ்வளவு பெரிய படம் கொடுத்தாலும் அந்தச் சதுரத்துக்குள் சுருக்கித்தான் மாடல் பார்க்கும். 6000 என்பது 640 ஆனால் ஒன்பது மடங்குக்கு மேல் சுருக்கம். 110 பிக்சல் முகம் 12 ஆகும், 18 பிக்சல் முகம் 2 ஆகும். இரண்டு பிக்சலில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. det_size-ஐ ஒரேயடியாக ஏற்றிப் பார்க்கலாம்தான். ஆனால் படத்தின் முழு அளவுக்குப் போனால் என் லேப்டாப்பின் ரேம் தாங்கவில்லை. அதோடு, பின்வரிசைக்கு முழு அளவும் போதாது, அதற்கு மேலும் பெரிதாக்க வேண்டும். துண்டு போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம். பின்பக்கம் நிற்பவர்கள் படத்தின் மேல்பகுதியில் ஒரு பட்டையாகத்தான் வருகிறார்கள். மேலிருந்து 700 முதல் 1500 வரையிலான அந்தப் பட்டையை 320 பிக்சல் துண்டுகளாக வெட்டினேன். insightface சிறிய படத்தையும் 640க்கு விரித்துவிடும் என்பதால் 18 பிக்சல் முகம் தானாகவே 36 ஆகிவிடுகிறது. 1400லிருந்து கீழே 640 பிக்சல் துண்டு போதும். பெரிதாக்குவதால் புதிதாக விவரம் எதுவும் வந்துவிடாது. மாடல் பழகிய அளவுக்கு முகம் வருகிறது, அவ்வளவுதான். அதற்காகத் துண்டை மேலும் பொடியாக்குவதும் தவறு. மங்கிய சின்ன முகத்தை மாடல் அடையாளம் காண்பது முகத்தை மட்டும் வைத்தல்ல. தலைமுடி, கழுத்து, தோள் எல்லாம் சேர்ந்துதான் கைகொடுக்கின்றன. சுற்றியுள்ள இந்தப் பகுதி சின்ன முகங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பெய்யுன் ஹுவும் தேவ ராமணனும் 2017இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது, ஒரு துண்டு பக்கத்துத் துண்டின்மேல் எவ்வளவு ஏறி நிற்க வேண்டும் என்பது. அந்தப் பகுதியின் மிகப் பெரிய முகத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். மேல்பட்டையில் பெரிய முகம் 38 பிக்சல், அதற்கு 64 வைத்தேன். கீழே 110க்கு 160. இப்படி வைத்தால், ஒரு துண்டின் ஓரத்தில் வெட்டுப்படும் முகம் பக்கத்துத் துண்டில் கட்டாயம் முழுசாக இருக்கும். பட்டைகள் இரண்டும் 1400க்கும் 1500க்கும் இடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதும் இதற்காகத்தான். மேலே 72, கீழே 78, மொத்தம் 150 துண்டுகள். கீழே உள்ள நிரலை ஒவ்வொரு பட்டைக்கும் ஒருமுறை ஓட்ட வேண்டும்: y0, y1 பட்டையின் தொடக்கமும் முடிவும், T துண்டின் அளவு, V ஏறி நிற்கும் அளவு, W, H முழுப் படத்தின் அகலமும் உயரமும்.

```python
def starts(a, b, T, V):
    return list(range(a, b - T, T - V)) + [b - T]

for y in starts(y0, y1, T, V):
    for x in starts(0, W, T, V):
        for f in app.get(img[y:y+T, x:x+T]):
            l, t, r, b = f.bbox
            cut = (l < 3 and x > 0) or (r > T-3 and x+T < W) \
               or (t < 3 and y > 0) or (b > T-3 and y+T < H)
            if not cut:
                boxes.append((l+x, t+y, r+x, b+y, f.det_score))
```

இதில் cut என்ற வரிதான் உயிர். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தால், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் முகத்தில் இரண்டு பெட்டிகள்: ஒன்று முழு முகத்துக்கு, இன்னொன்று வலது கன்னமும் காதும் மட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு எண். ஒன்றன்மேல் ஒன்று விழும் பெட்டிகளை நீக்க வழக்கமாகச் செய்யும் என்எம்எஸ் இதைப் பிடிக்காது. முகத்தின் மூன்றில் ஒரு பங்குள்ள பெட்டிக்கும் முழுப் பெட்டிக்கும் உள்ள பொதுப் பரப்பு விகிதம் 0.33தான், வரம்போ 0.4. வரம்பைக் குறைத்தால் வேறு வினை வரும்: ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பவரின் முகம் காணாமல் போகும். அதனால் துண்டின் உள் ஓரத்தைத் தொடும் பெட்டியை முதலிலேயே தள்ளிவிட்டு, பிறகு மொத்தத்துக்கும் 0.4இல் என்எம்எஸ் ஓட்டுவதே சரி.

ஒவ்வொரு பெட்டிக்கும் மாடல் ஒரு மதிப்பெண் தரும்; முகம் என்று ஏற்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்தான் det_thresh. மங்கலான முகங்களுக்காக அதை 0.5இலிருந்து 0.3க்கு இறக்கினேன். விட்டுப்போனவர்கள் பலர் வந்தார்கள், கூடவே வேண்டாததும் வந்தது: புடவைப் பூ, கோர்த்த கைவிரல்கள், மர இலைகளின் இடைவெளி. இவற்றைக் களைய உதவியது மைதானம் சமதளம் என்ற உண்மை. சமதரையில் நிற்கும் கூட்டத்தில், ஒரு முகம் படத்தில் கீழே இறங்க இறங்க அதன் அளவும் ஒரே சீராகக் கூடும். என் படத்தில் மேலிருந்து 900ஆம் பிக்சல் வரியில் முகத்தின் உயரம் 18 பிக்சல், 3600ஆம் வரியில் 110; கணக்குப் போட்டால் 2000ஆம் வரியில் சுமார் 55 வர வேண்டும். 0.7க்கு மேல் மதிப்பெண் பெற்ற முகங்களை மட்டும் வைத்து ஒரு நேர்கோடு பொருத்தினேன். அந்தக் கோட்டின் அளவில் 0.6 மடங்குக்குக் கீழோ 1.6 மடங்குக்கு மேலோ போன பெட்டிகளுக்கு மஞ்சள் நிறம் போட்டேன்.

மஞ்சளில் முதலில் சிக்கியது கேட்டில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனர். அதில் அச்சிட்ட ஆசிரியர்களின் முகங்களுக்கு மாடல் 0.8க்கு மேல் கொடுத்திருந்தது. அவை முகங்கள்தானே, மாடலைக் குறை சொல்ல முடியாது. அளவு மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. அதே மஞ்சளில் அப்பா தோள்மேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையும் இருந்தது. உயரத்தில் இருப்பதால் அந்த வரிக்குப் பெரிய முகமாகத் தெரிகிறது. ஆகவே மஞ்சளைத் தானாக அழிக்கும்படி எழுதக்கூடாது. கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும்.

முழுக்கத் திரும்பி நின்றவர்களும் குடைக்குள் மறைந்தவர்களும் எப்படி வெட்டினாலும் வரவில்லை. அவர்களைக் கையால் குறித்தேன். அதேபோல, 18 பிக்சல் முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அவை படத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமாக வரைந்து தரும். அப்புறம் பெயர் எழுதுபவர் வேறொருவர் பெயரை எழுதிவிடுவார்.

எண் போட்ட படத்தை ஏ3 தாளில் அச்சிட்டபோது பின்வரிசை எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. அவர்களுக்கு மட்டும் தனித்தாள் போட்டேன். முகத்தோடு நிறுத்தாமல் பெட்டியைப் போல மூன்று மடங்கு அகலமும் நான்கு மடங்கு உயரமும் வெட்டி எடுத்து, நான்கு மடங்கு பெரிதாக்கி, கீழே எண் எழுதினேன். செட்டுக்காரர்கள் பின்வரிசைக்காரர்களைக் கண்டுபிடித்ததெல்லாம் பெரும்பாலும் சட்டை நிறத்தையும், நிற்கிற தோரணையையும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் வைத்துத்தான்.