நேத்து மிச்சம் தான் இன்னைக்கு ஆரம்பம் – தாராவி ட்ரெயினிங் டைரி

ஜூன் 7, சனி

திங்கக்கிழமை 90 அடி ரோடு பக்கத்துல புது பேட்ச் ஆரம்பிக்குது. 12 பேர், எல்லாருமே அவங்கவங்க மகளிர் குழுவுல கணக்கு எழுதப் போறவங்க (இங்க எல்லாரும் பச்சத் கட்னு தான் சொல்வாங்க). 5 நாள், தினமும் 11 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும். காலைல தண்ணி பிடிச்சு, வீட்டு வேலைய முடிச்சுட்டு வரணும், அதனால 11-க்கு முன்னாடி வைக்க வழியே இல்ல.

போன பேட்ச்ல நான் நோட்டு வாரியா பிரிச்சேன். முதல் நாள் ரொக்கப் புத்தகம், ரெண்டாவது நாள் கடன், மூணாவது நாள் ஒவ்வொரு உறுப்பினர் கணக்கையும் தனித்தனிப் பக்கத்துல எழுதுற பேரேடு, நாலாவது நாள் மாசக் கணக்கு, இப்படி. ஒவ்வொரு நாளும் உதாரணம் வேற வேற. கடைசி நாள் ஒரு மாசக் கணக்க முழுசா முடிங்கன்னு குடுத்தா பாதிப் பேரால முடியல. தனித்தனியா எல்லாம் தெரியுது, ஒண்ணோட ஒண்ண சேர்க்கத் தெரியல. அதனால இந்த தடவ பின்னாடியிலேர்ந்து பிளான் பண்ணேன். வெள்ளிக்கிழமை அடுத்தவங்க நோட்டுல தப்பு கண்டுபிடிக்கணும்னா வியாழக்கிழமை என்ன தெரிஞ்சிருக்கணும், அதுக்கு புதன்கிழமை என்ன, இப்படியே இறங்கி வந்தேன். 5 நாளும் ஒரே கற்பனைக் குழு, 10 உறுப்பினர், மாசம் ஆளுக்கு 200 சேமிப்பு. நேத்து முடிஞ்ச ரொக்க இருப்பு தான் இன்னைக்கு ஆரம்ப இருப்பு. ரொக்கப் புத்தகமே அப்படித்தானே ஓடுது, ட்ரெயினிங்கும் அப்படியே ஓடட்டும்.

ஜூன் 9, திங்கள்

கற்பனைக் குழுவோட முதல் கூட்டம் மட்டும் தான் எழுதினோம். 7-ம் நம்பர் உறுப்பினர் வரல, மத்த 9 பேர் கட்டினாங்க, 1800 வரவு. நோட்டு வாங்க 60 செலவு. கையிருப்பு 1740. எல்லாரும் போர்டப் பார்த்து அழகா எழுதிட்டாங்க. மழை நல்லா பிடிச்சுக்கிச்சு, 3:30-க்கே விட்டுட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வந்ததும் நேத்து நோட்ட மூடி வைக்கச் சொல்லிட்டு வெறும் பேப்பர் குடுத்தேன். நேத்து கூட்டத்தோட கணக்க நான் வாயால சொன்னேன், தனியா எழுதணும், 10 நிமிஷம். அப்புறம் பக்கத்துல இருக்கவங்களோட ஒத்துப் பார்க்கணும், கடைசில தான் போர்டு.

முன்னாடியெல்லாம் ரிவிஷன்னா நானே நேத்து நடந்தத சொல்லுவேன், எல்லாரும் தலையாட்டுவாங்க, எனக்கும் புரிஞ்சுடுச்சுன்னு தோணும். 2006-ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல காலேஜ் பசங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. படிச்சதையே திரும்பப் படிச்சவங்க 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்போ நல்லா எழுதினாங்க, ஆனா ரெண்டு நாள் கழிச்சும் ஒரு வாரம் கழிச்சும் கேட்டப்போ, பார்க்காம நினைவுலேர்ந்து எழுதிப் பழகினவங்க தான் கூட எழுதினாங்க. அதத் தெரிஞ்சப்புறம் தான் காலைல நான் வாயை மூடிக்கிறது.

12 பேர்ல 8 பேர் 1740. மத்த 4 பேரும் 1940! வராத 7-ம் நம்பரோட 200-யும் வரவுல சேர்த்துட்டாங்க, 10 பேர் குழுன்னா 2000 வரணும்ல அப்படிங்கிற கணக்குல. நான் விளக்க வாயெடுக்கிறதுக்குள்ள திருநெல்வேலி பக்கத்து அம்மா ஒருத்தங்க பக்கத்துப் பொண்ணுகிட்ட கேட்டாங்க, "ஏட்டி, துட்டே கைக்கு வரல, நீ எப்படி வரவுல எழுதுவ?" அந்த ஒரு கேள்வியே போதும்.

ஆனா இதோட விட்டுட்டு கடனுக்குப் போயிருந்தா அந்த 4 பேருக்கும் வாரம் பூரா 200 இடிச்சிருக்கும். அதனால இன்னொரு கூட்டம், வேற ஆள் வராத மாதிரி எழுத வச்சேன். 45 நிமிஷம் போச்சு. பேங்க்ல பணம் கட்டுற ஸ்லிப்ப வியாழக்கிழமைக்குத் தள்ளினேன், இன்னைக்கோ நாளைக்கோ உள்ள பாடம் எதுவும் அத நம்பி நிக்கல. எத வெட்டலாம்னு முடிவு பண்றப்போ நான் பார்க்குறது இத மட்டும் தான்.

மத்தியானம் ரெண்டாவது கூட்டம்: 7-ம் நம்பரோட பாக்கியும் சேர்த்து 2200 வரவு, 4-ம் நம்பருக்கு 3000 கடன், இருப்பு 940. மூணாவது கூட்டம்: சேமிப்பு 2000, கடன் தவணை 300, 2 ரூபா வட்டி 60. இருப்பு 3300.

ஜூன் 11, புதன்

இன்னைக்கு நடந்தத விவரமா எழுதணும்.

காலைல மூணாவது கூட்டத்த வெறும் பேப்பர்ல எழுதச் சொன்னேன். 12 பேரும் 3300! ரொம்ப சந்தோஷம். பேரேடு நோட்ட எடுக்கப் போனவ என்னமோ தோணி ஒரு கேள்வி கேட்டேன், 4-ம் நம்பர் இன்னும் எவ்வளவு கடன் பாக்கி? 7 பேர் 2640-னு எழுதியிருந்தாங்க.

பேப்பர வாங்கிப் பார்த்தா, தவணையையும் வட்டியையும் பிரிக்காம 360-னு ஒரே வரில போட்டிருக்காங்க. 3000-லேர்ந்து 360 கழிச்சா 2640. சரியான பாக்கி 2700. ரொக்கத்துல இந்தத் தப்பு தெரியவே தெரியாது, பிரிச்சு எழுதினாலும் சேர்த்து எழுதினாலும் கூட்டுத்தொகை ஒண்ணு தானே, 3300 டேலி ஆகிடும். நான் இருப்பு எவ்வளவுன்னு மட்டும் கேட்டிருந்தா பேரேடு பூரா தப்பா ஏறியிருக்கும், நாலாவது கூட்டத்துல வட்டியும் தப்பாகியிருக்கும்.

காலைக் கேள்விய நேத்து பாடத்தோட முடிவுலேர்ந்து எடுத்தா பத்தாது, இன்னைக்குப் பாடம் நேத்துலேர்ந்து எத எடுத்துக்கப் போகுதோ அதக் கேட்கணும். பேரேட்டுக்கு 3300 தேவையே இல்ல, 300 தனியா 60 தனியா வேணும்.

ரெண்டு பிஸ்கட் டப்பா எடுத்து வச்சு, காகித நோட்டால 300 ஒண்ணுல, 60 இன்னொண்ணுல போட வச்சேன். அந்தத் திருநெல்வேலி அம்மா தான் திரும்பவும் சொன்னாங்க, "முந்நூறு நாம குடுத்த துட்டு, திரும்பி வருது. அறுவது நம்ம வருமானம்." அப்புறம் பேரேடு. நாலாவது கூட்டத்துக்கு வட்டி 2700-க்கு, 54. சேமிப்பு 2000, தவணை 300 சேர்ந்து இருப்பு 5654.

ஜூன் 12, வியாழன்

மூணு பேர் லேட், தண்ணி வரல. ரிவிஷன் போச்சேன்னு வருத்தப்பட்டாங்க. நான் கேள்விப் பேப்பர வாசல்லயே வச்சிருந்தேன், யார் எப்ப வந்தாலும் முதல்ல அத எழுதிட்டு தான் உள்ள வரணும். அவங்க எழுதி முடிக்கிற வரைக்கும் புதுசா எதையும் தொடங்கல.

இன்னைக்குக் கேள்வி ரெண்டு. ஒண்ணு நேத்து பேரேட்டுலேர்ந்து, இன்னொண்ணு திங்கக்கிழமை விஷயம், உறுப்பினர் வரல. செவ்வாய்க்கிழமை சரியா எழுதின ரெண்டு பேர் இன்னைக்கு வராத பணத்த வரவு வச்சிருந்தாங்க! நேத்துப் பாடத்த மட்டுமே கேட்டுட்டு இருந்தா முந்தாநாள் பாடம் இப்படித் தான் நழுவும். மாசக் கணக்கும் பேங்க் ஸ்லிப்பும் முடிஞ்சுது.

ஜூன் 13, வெள்ளி

ரிவிஷனே இன்னைக்குப் பாடம். நான் எழுதின நோட்டு ஒண்ணு ஆளுக்கு ஒரு காப்பி. அதுல ரெண்டு தப்பு வச்சிருந்தேன்: மூணாவது கூட்டத்துல 360 ஒரே வரில, நாலாவதுல வட்டி 54-க்கு பதிலா 60. நோட்டுல இருப்பு 5660, டப்பால வச்ச காகித நோட்ட எண்ணினா 5654.

6 ரூபா வித்தியாசத்த 10 பேர் பிடிச்சாங்க. டப்பாவே காட்டிக் குடுக்குதே. 360-ஐ 5 பேர் தான் பிடிச்சாங்க, அஞ்சு பேருமே ரொக்கத்தோட நிறுத்தாம பேரேட்டையும் திறந்து பார்த்தவங்க.

அதனால அடுத்த பேட்ச்ல பேரேட்ட புதன் வரைக்கும் தள்ளி வைக்கப் போறதில்ல. செவ்வாய் மத்தியானம் முதல் தவணை வர்ற அன்னைக்கே 4-ம் நம்பருக்கு மட்டும் பேரேட்டுல ஒரு பக்கம் திறந்துடணும், ரொக்கத்துல எழுதின கையோட அங்கயும் எழுதணும். அதுக்கு நேரம் வேணும்னா மூணாவது கூட்டத்துக்கு அப்புறம் எதையும் வைக்கக் கூடாது. 360-ஐப் பிடிக்காத 7 பேரோட ஃபோன் நம்பர வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை ஒரு தவணைக் கணக்கு மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பி, பதில ஃபோட்டோ எடுத்துப் போடச் சொல்லணும்.