காசு எப்ப ஏறும்?

குமுளியில் எங்கள் அலுவலகம் எல்லையிலிருந்து நடக்கிற தூரத்தில். காலையில் கம்பம் பஸ்ஸில் வந்து இறங்கி, செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தால் கேரளம். ஏலக்காய் விவசாயிகளிடம் காயை வாங்கி எடைபோட்டு, லாட் நம்பர் கொடுத்து ஏலத்துக்கு அனுப்புகிற கம்பெனி. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் இருக்கிற ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்களில் காய் விற்கும். விற்ற பணம் எங்கள் வழியாக விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகும். விவசாயிகளில் பாதிப் பேர் கம்பம், தேவாரம், போடிப் பக்கம் வீடும் மலைமேல் தோட்டமுமாக இருக்கிற நம் ஆட்கள். கம்பெனியின் தமிழ் உதவிப் பக்கங்களை எழுதுவது என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனில் நாற்பது கட்டுரைகள் எழுதி முடித்துவிட்டேன். எல்லாம் சரியான தகவல்கள். அப்படியும் போன் நின்றபாடில்லை. அழைப்புகளை எடுக்கும் அக்கா ஒருநாள் மதியம் என் மேஜைக்கு வந்து, "தம்பி, பணம் எப்ப வரும்னு காலையில இருந்து ஒரே கேள்வி. சைட்ல இருக்கு பாருங்கன்னு சொன்னா, தேடிப் பார்த்தோம், ஒண்ணும் இல்லைங்கிறாங்க" என்றார். அந்தக் கட்டுரை இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன். "ஏலத் தொகை பட்டுவாடா நடைமுறை" என்பது அதன் தலைப்பு.

அக்கா என் முன்னாலேயே தேடல் பெட்டியில் "காசு எப்ப ஏறும்" என்று தட்டினார். முடிவுகள் இல்லை. "பணம் எப்ப வரும்" என்று தட்டினார். அதற்கும் இல்லை. நான் "பட்டுவாடா" என்று தட்டியதும் கட்டுரை முதலில் வந்து நின்றது. எழுதினவனுக்கு மட்டும் கிடைக்கிற கட்டுரை அது. அன்று எனக்கு வெட்கமாகவே இருந்தது.

கூகுள் பழகினவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். கூகுளில் எப்படித் தட்டினாலும் ஏறக்குறைய ஊகித்துக் கொடுத்துவிடும். ஒரு இணையதளத்தின் சொந்தத் தேடல் பெட்டி அப்படியில்லை. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்கிற இணையதள மென்பொருளில் ஓடுகிறது. அதில் கூடுதலாக எதையும் சேர்க்காவிட்டால், தேடல் செய்வது இவ்வளவுதான்: தட்டிய வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்கும். ஒவ்வொரு சொல்லும் தலைப்பிலோ, சுருக்கப் பெட்டியிலோ, கட்டுரை உடம்பிலோ அப்படியே எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும். 'காசு ஏறும்' என்று தட்டினால் உள்ளுக்குள் அது தரவுத்தளத்திடம் கேட்பது இப்படி:

```
(post_title LIKE '%காசு%' OR post_excerpt LIKE '%காசு%' OR post_content LIKE '%காசு%')
AND (post_title LIKE '%ஏறும்%' OR ...)
```

நடுவில் இருக்கிற அந்த AND-தான் நான் கவனிக்காமல் விட்டது. மூன்று சொல் தட்டினால் மூன்றும் இருக்க வேண்டும். இரண்டு இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் கட்டுரை வராது. விவசாயி எவ்வளவு விளக்கமாகக் கேட்கிறாரோ, அவ்வளவுக்கு அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

அந்தக் கட்டுரையை எடுத்து முழுக்கப் படித்தேன். "தொகை வரவு வைக்கப்படும்" என்று நான்கு இடத்தில் இருந்தது. "பணத்தைப் பெற" என்று ஓரிடத்தில் இருந்தது. "பணம்" என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. நமக்குப் பணமும் பணத்தையும் ஒன்றுதான். தேடலுக்கு அப்படியில்லை. 'பணம்' என்று தேடினால் ப, ண, ம், இந்த வரிசை வேண்டும். 'பணத்தை'யில் 'ம்' போய் 'த்' வந்துவிட்டது. 'ஏலம்' தேடினால் 'ஏலத்தில்' கிடைக்காது. 'ரசீது' தேடினால் 'ரசீதை' கிடைக்காது, உகரம் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. நம் மொழியில் வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் வாலே மாறிவிடுகிறது.

இங்கேதான் கேள்வித் தலைப்பின் அருமை எனக்குப் புரிந்தது. அலுவலகத் தமிழில் தலைப்பு வைத்தால் பெயர்ச்சொல் எப்போதும் உருபோடு ஒட்டிக்கொண்டு வருகிறது: பணத்தைப் பெறும் முறை, ஏலத்தில் பங்கேற்றல், ரசீதைத் தரவிறக்குதல். அதையே ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்டால் பெயர்ச்சொல் முழுசாக, தனியாக நிற்கிறது: பணம் எப்போது வரும்? ஏலம் என்றைக்கு? ரசீது எங்கே கிடைக்கும்? தேடுகிறவர் தட்டுவதும் இந்த வடிவத்தைத்தான். கேள்வியாக வைத்தால் படிக்க இதமாக இருக்கும் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். எழுத்துக்கு எழுத்து பொருந்துவதற்கும் அதுதான் வழி.

தலைப்பை "ஏலத்தில் விற்ற காய்க்குப் பணம் எப்போது வரும்?" என்று மாற்றினேன். "காய் பணம் எப்ப வரும்" என்று தட்டிப் பார்த்தேன். வந்தது. 'எப்ப' என்று தட்டினதற்கு 'எப்போது' எப்படிப் பொருந்தியது என்று முதலில் குழம்பினேன். கணினி 'போ'வை 'ப' என்றும், அதன்பின் ஓகாரக் குறி என்றும் இரண்டாகத்தான் வைத்திருக்கிறது. அதனால் 'எப்ப' என்பது 'எப்போது'வின் தொடக்கமாகவே அமைந்துவிடுகிறது. 'எப்போ' என்று தட்டினாலும் கிடைக்கும். ஆனால் 'எப்பொழுது' என்று தட்டினால் கிடைக்காது.

தலைப்பு சரியானாலும் "காசு எப்ப ஏறும்" இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. ஒரு கட்டுரைக்கு ஒரு தலைப்புத்தானே வைக்க முடியும். மற்றச் சொற்களை எங்கே வைப்பது? நான் செய்த அடுத்த தவறு இது. காசு, பைசா, துட்டு, தொகை என்று எல்லாவற்றையும் குறிச்சொற்களாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் தேடினால் ஒன்றும் மாறவில்லை. வேர்ட்பிரஸ்ஸின் இயல்பான தேடல் குறிச்சொற்களைப் பார்ப்பதே இல்லை. தலைப்பு, சுருக்கம், உடம்பு, இந்த மூன்றும்தான். இப்படி ஒரே பொருள் தரும் மற்றச் சொற்களை எழுதுவதற்கு முன்னால், உங்கள் தளத்தின் தேடல் எந்தப் பெட்டிகளைப் படிக்கிறது என்பதை ஒரு சோதனையில் தெரிந்துகொள்ளலாம். எங்குமே இல்லாத ஒரு சொல்லை ஒவ்வொரு பெட்டியிலும் மாற்றி மாற்றி வைத்துத் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. நான் அதைச் செய்யாமல் ஒரு வாரத்தை இழந்தேன்.

சொற்களைச் சுருக்கப் பெட்டிக்கு மாற்றினேன். எங்கள் தளத்தில் தேடல் முடிவுகளின் கீழே அந்தச் சுருக்கம்தான் தெரியும். சொற்குவியலாக வைத்தால் படிக்கிறவருக்கு அசிங்கமாக இருக்கும். அதனால் வாக்கியமாக எழுதினேன்: "ஏலம் முடிந்தபின் காசு வங்கியில் எப்போது ஏறும், பைசா தாமதமானால் யாரைக் கேட்பது, பட்டுவாடா விவரம் எங்கே பார்ப்பது." இதில் 'பைசா' மலையாளம் கலந்து பேசுகிறவர்களுக்காக. அவர்களில் சிலர் ஏலத்தை 'லேலம்' என்றே தட்டுகிறார்கள். அதனால் அந்தச் சொல்லும் கட்டுரைக்குள் ஓரிடத்தில் இருக்கிறது.

"பணம் வரல" என்று தட்டுகிறவர்களுக்கு என்ன செய்வது என்பதில் மேலாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. பேச்சு வழக்கைக் கம்பெனிப் பக்கத்தில் எழுதினால் மரியாதையாக இருக்காது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் கட்டுரையின் அடியில் "இப்படியும் கேட்பார்கள்" என்று ஒரு வரி வைத்தோம். "பணம் வரலையே, காசு ஏறலையே" என்று அதில் எழுதினேன். 'வரல' என்று தட்டினாலும் 'வரலை' என்று தட்டினாலும் அந்த ஒரு சொல்லே இரண்டுக்கும் போதும். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களும் நிறையப் பேர். அவர்களுக்காக `elam panam kasu kaasu eppo eppa varum` என்று அதே வரியில் சேர்த்தேன். எல்லா எழுத்துக்கூட்டலையும் பிடிக்க முடியாது. `yeppo` என்று ஒருவர் தட்டினால் AND அவரை வெளியே நிறுத்திவிடும்.

இதில் வெற்றி கண்ட உற்சாகத்தில் நான் அளவு மீறினேன். பணம் சம்பந்தப்பட்ட கட்டுரைகள் எல்லாவற்றிலும் காசு, பைசா, தொகை என்று ஏற்றினேன். முன்பணம், கமிஷன் பிடித்தம், வங்கிக் கணக்கு மாற்றுவது, எல்லாவற்றிலும். இப்போது 'காசு' என்று தட்டினால் ஒரு பக்கம் நிறைய முடிவுகள் வந்தன. வேண்டியது அதற்குள் எங்கோ கிடந்தது. வேர்ட்பிரஸ் தலைப்பில் பொருந்துவதை மேலே வைக்கும். தலைப்பில் இல்லாமல் சுருக்கத்திலும் உடம்பிலும் ஒரே அளவில் பொருந்துகிறவற்றில் புதிதாக வெளியிட்டதை முன்னால் காட்டும். அதனால் நேற்று எழுதிய கமிஷன் கட்டுரை முதலில் நின்றது. திரும்ப உட்கார்ந்து எல்லாவற்றிலிருந்தும் எடுத்தேன். அந்தச் சொல்லைத் தட்டுகிறவர் எந்தக் கட்டுரையைப் படித்தால் போனை எடுக்க மாட்டாரோ, அந்தச் சொல் அந்தக் கட்டுரைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

'ஏலம்' இதைவிடச் சிக்கல். தமிழில் செடிக்கும் ஏலம், விற்பனைக்கும் ஏலம். மலையாளத்தில் ஏலம் வேறு, லேலம் வேறு, அவர்களுக்குக் குழப்பமில்லை. "ஏலம் என்றைக்கு" என்று தேடினவருக்கு, "ஏலம் உலர்த்த என்றைக்கு ஸ்டோரில் வைக்கலாம்?" என்ற கட்டுரை முதலில் வந்துகொண்டிருந்தது. தேடலுக்கு இதில் எதுவும் தவறில்லை, இரண்டு சொல்லும் தலைப்பிலேயே இருக்கின்றன. ஒரு முடிவுக்கு வந்தோம். தலைப்புகளில் விற்பனைக்கு மட்டும் ஏலம். செடிக்கும் காய்க்கும் எப்போதும் ஏலக்காய், காய், ஏலச்செடி. அப்படித் திருத்தியதில் பதினோரு தலைப்புகள் மாறின. இரண்டு நாளில் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை மதியம் அக்காவும் நானும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருகிறோம். சர்வர் பதிவில் `?s=` என்று வரும் முகவரிகளிலிருந்து அந்த வாரம் தட்டப்பட்ட சொற்களை எடுத்துவைப்பேன். அக்கா ஒவ்வொன்றையும் தேடல் பெட்டியில் தட்டுவார். ஒன்றும் வராததையும், தப்பானது முதலில் வருவதையும் குறித்துக்கொள்வோம். எந்தச் சொல்லை எந்தக் கட்டுரையில் சேர்ப்பது என்பதில் அக்கா சொல்வதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. நாள் முழுக்க அவர்கள் குரலைக் கேட்கிறவர் அவர்தானே.

போன வாரம் "காய் எறக்கியாச்சு அப்புறம்" என்று ஒரு தேடல். அதே வாரத்தில் வேறு வேறு விதமாக அது மூன்று முறை வந்திருந்தது. நான் 'எறக்கி' என்ற சொல்லை எங்கே சேர்க்கலாம் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கயும் சேர்க்காதீங்க தம்பி" என்றார் அக்கா. "காயை நம்ம குடோன்ல எறக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் ஏலம் வரைக்கும் என்ன நடக்குதுன்னு நாம எதிலயும் எழுதலையே." எடைச்சீட்டு, லாட் நம்பர், சேம்பிள், ஏல நாள் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். தலைப்பு "காய் இறக்கிய பிறகு என்ன நடக்கும்?" அடியில் இருக்கிற வரியில் 'எறக்கியாச்சு', 'அப்புறம்' இரண்டையும் வைத்தேன். திங்கள்கிழமை வெளியாகிறது.