6/9 தெரிகிறது, ஆனாலும் அவசரம்

சுங்கை சிப்புட்டில் கண்ணுக்கு என்ன வந்தாலும் முதலில் கண்ணாடிக் கடைக்குத்தான் வருவார்கள். இங்கே கண் பரிசோதிக்கும் என்னிடம் பெரும்பாலும் பவர் ஏறியவர்களும் கண்புரைக்காரர்களும்தான் வருவார்கள். வலியோடு வருகிறவரைவிட, வலியே இல்லாமல் "ஒரு பக்கம் மறைக்குது" என்பவரைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன்.

தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். இடது கண்ணுக்கு மைனஸ் ஒன்பது, கடுமையான கிட்டப்பார்வை. "கண்ணாடி மாத்தணும் தம்பி, ஓரத்துல நெழலாத் தெரியுது" என்றார். சில நாளாகவே கண்ணோரத்தில் மின்னல் வெட்டியிருக்கிறது, கரித்தூள் மிதந்திருக்கிறது. நாள் முழுக்க அண்ணாந்து வெட்டுகிறவர். மரத்துத் தூசி விழுந்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டிருக்கிறார்.

வலது கண்ணைப் பொத்திப் படிக்கச் சொன்னேன். 6/9. முழுப் பார்வையான 6/6-க்குக் கொஞ்சம்தான் குறைவு, கண்ணாடிக்காரனுக்கு அது திருப்தியான எண். அடுத்து என் மூக்கையே பார்க்கச் சொல்லி, நாலு மூலையிலும் விரல் காட்டினேன். மூக்குப் பக்கம் கீழே காட்டிய விரல் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இந்தக் குறையை மற்றக் கண் ஈடுகட்டிவிடும். அதனால்தான் ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதில் சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கும், மின்னல் அதனால்தான். சிலருக்குத் திரை கிழியும். கிட்டப்பார்வை அதிகமானால் திரை மெலிந்திருக்கும், ஆபத்தும் கூடும். கிழிசல் வழியே நீர் இறங்கி, சுவரில் ஒட்டிய காகிதம் போலத் திரை உரிந்து வரும். திரைக்கு வலி தெரியாது. பிம்பம் தலைகீழாக விழுவதால், நிழல் கீழே என்றால் உரிந்தது மேலே. மேலே உரிந்தது சீக்கிரம் கீழே இறங்கும். நடுப்புள்ளியும் உரிந்துவிட்டால், பிறகு ஒட்டவைத்தாலும் எழுத்துப் படிக்கும் பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம். 6/9 தெரிகிறது என்றால் நடுப்புள்ளி இன்னும் தப்பியிருக்கிறது. அவசரமே அதற்காகத்தான்.

"நாளைக்கு வேலை முடிச்சிட்டுப் போறேனே?"

"வேண்டாம்ணே, இப்பவே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு. மோட்டார் ஓட்டாதீங்க, மகன வரச் சொல்லுங்க. வழியில சாப்பிடவும் நிறுத்தாதீங்க, இன்னிக்கே ஆபரேஷன் வெச்சாலும் வெப்பாங்க."

கடிதத்தில் நிழல் தொடங்கிய நாள், அது இருக்கும் இடம், நடுப்பார்வை இருப்பது, மூன்றையும் எழுதினேன். மின்னலும் கரித்தூளும் வந்தபோதே போயிருந்தால், கிழிசலைச் சுற்றி லேசர் வைப்பதோடு முடிந்திருக்கலாம்.

ஓரத்திலிருந்து நிழலாகப் பரவாமல், ஒரு கண் சட்டென்று மொத்தமாக இருண்டால் என் கடைப்படியே ஏற வேண்டாம். ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அது கண்ணுக்கு வரும் பக்கவாதம், அங்கே கணக்கு மணியில். சில நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டாலும் 999-ஐ அழையுங்கள், அடுத்தது மூளைக்கு வரலாம்.

அண்ணனுக்குக் கண்ணுக்குள் வாயு வைத்துத் திரையை ஒட்டினார்கள். டாக்டர் சொன்னபடி தலையைச் சாய்த்தே படுத்துக் கிடந்தார். வலது கண்ணையும் பார்த்தார்கள். அதிலும் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது, லேசர் வைத்து அடைத்தார்கள்.