நங்கநல்லூர் வீட்டுக்கு ஒரு வாடகை விளம்பரம்: மே மாதக் குறிப்புகள்

மே 2, 2025, வெள்ளி

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் போட, வீட்டுக்காரர் கொடுத்த வரைவு இது: "நங்கநல்லூரில் விசாலமான, காற்றோட்டமான வீடு வாடகைக்கு. எல்லா வசதியும் உண்டு. நல்ல குடும்பத்துக்கு மட்டும். வாடகை நேரில் பேசிக்கொள்ளலாம். உள்பெட்டியில் வரவும்."

இதில் ஓர் எண் கூட இல்லை. 'வாடகை நேரில்' என்று போட்டால் பதினைந்தாயிரத்துக்குத் தேடுகிறவரும் வருவார், முப்பதாயிரம் கொடுக்கக் கூடியவரும் வருவார். இருவரிடமும் அதே பேச்சைப் பேசியாக வேண்டும். 'விசாலமான' என்பதைப் படித்து யாரும் கட்டில் போட முடியுமா என்று கணக்குப் பார்க்க முடியாது.

பெரிய கோளாறு கடைசி வரிதான். குழுவில் போட்ட செய்தி அங்கேயே நிற்பதில்லை. அலுவலகக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் குழு என்று ஃபார்வர்டு ஆகிக்கொண்டே போகும். அப்படிப் போகும்போது முதலில் எழுதியவர் யார் என்பது கூடப் போவதில்லை. 'உள்பெட்டியில் வரவும்' என்றால் மூன்றாம் குழுவில் இருப்பவர் யாருடைய உள்பெட்டிக்குப் போவார்? எண், இடம், தேதி மூன்றும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் ஃபார்வர்டு ஆன பிறகும் தனியாக நிற்கும்படிதான் முழு விளம்பரத்தையும் எழுதப் போகிறோம்.

வீடு பற்றி உறுதியானவை: தனி வீட்டின் முதல் மாடி, இரண்டு படுக்கையறை, சுமார் 850 சதுர அடி, லிஃப்ட் கிடையாது, கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார். பழவந்தாங்கல் ரயில் நிலையம் நடை தூரம். இப்போது இருப்பவர்கள் மே 25 காலி செய்கிறார்கள். பெயிண்ட் வேலைக்கு ஒரு வாரம். ஜூன் 1 முதல் குடிவரலாம்.

மே 3, சனி

இன்று பணம் பற்றிய வரிகள்.

வாடகை 22,000. '20 முதல் 24 வரை' என்று எழுதினால் வருகிறவர் இருபதைத்தான் பிடித்துக்கொள்வார், வீட்டுக்காரர் இருபத்துநாலைப் பிடித்துக்கொள்வார். ஒரே எண் போதும். வாடகைக்கு மேல் மாதாமாதம் போகும் பொது மோட்டார், மாடிப்படி விளக்கு, குப்பை செலவுக்கு 500. இதை மறைத்துவிட்டுச் சாவி கொடுக்கும் நாளில் சொல்வதுதான் மனக்கசப்பின் ஆரம்பம்.

அட்வான்ஸ் 66,000, அதாவது மூன்று மாத வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. வீட்டுக்காரர் ஐந்து மாதம் கேட்கத்தான் நினைத்தார். மூன்றுக்கு இறங்கினால் கையில் ஒரு லட்சம் இல்லாத, ஆனால் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டக் கூடிய இளம் குடும்பங்களும் வருவார்கள் என்று சொன்னபோது ஒப்புக்கொண்டார். 'அட்வான்ஸ் 3 மாதம்' என்று மட்டும் போடாமல் தொகையையும் எழுத வேண்டும். முதல் நாளில் அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் சேர்த்து 88,000 தயார் வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உடனே தெரியும்.

மின்சாரம் பற்றி ஒரு சிறு சொல் பெரிய வித்தியாசம் செய்கிறது. 'தனி மீட்டர்' என்று எழுதினால் சப் மீட்டராகவும் இருக்கலாம். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே ஒரு விலை வைப்பார். முதல் 100 யூனிட் இலவசமும் அவருடைய இணைப்புக்கே போய்விடும். இந்த மாடிக்கு மின்வாரியத்தின் தனி இணைப்பு எண்ணே இருக்கிறது. அதனால் 'தனி இ.பி. இணைப்பு, பில் நேரடியாக நீங்களே கட்டலாம்' என்று எழுதுகிறோம். வாடகைக்குத் தேடி அலைந்தவர்கள் இந்த வரியைத்தான் முதலில் தேடுவார்கள்.

மே 4, ஞாயிறு

'நல்ல குடும்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அதைப் படித்து 'நாங்கள் நல்ல குடும்பம் இல்லை' என்று யாரும் ஒதுங்கப் போவதில்லை. விருப்பம் என்றால் வீட்டுக்குத் தொடர்புள்ள, எண்ணிச் சொல்லக் கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். எத்தனை பேர்? இரண்டு கழிவறை, 1,000 லிட்டர் தொட்டி. ஐந்து பேர் வரை சரிப்படும். எத்தனை வண்டி? இரண்டு இருசக்கர வண்டிக்கு இடம் உண்டு, காருக்கு இல்லை. நாய் வளர்க்கலாமா? கீழே ஆட்சேபம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து எடுக்கலாமா? எடுக்கலாம், ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருக்க வேண்டும்.

'சைவம் மட்டும்' என்ற வரி வரைவில் இல்லாவிட்டாலும் பேச்சில் வந்தது. இதில் என் கருத்து உறுதியானது. இந்த ஊரில் அந்தச் சொல் சமையலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வருகிறவரின் சாதியையும் மதத்தையும் வாசலிலேயே கேட்டுவிடுகிறது. அதை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு வீடு பார்க்க வந்தவரிடம் சமையலறையில் நின்று கேட்பது இன்னும் மோசம். வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அந்தக் கேள்வியோடு திரும்பிப் போவார். ஆகவே எடுத்தால் இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும். வீட்டுக்காரரின் கவலை வாடை மாடிப்படி வழியாக இறங்குவது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இறந்து கிடக்கிறது. அதை மாற்றித் தருவதாகச் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

மே 5, திங்கள்

பார்க்க வரும் நேரம். 'எப்போது வேண்டுமானாலும்' என்று போட்டால் உள்ளே இன்னும் குடியிருப்பவர்கள்தான் அவதிப்படுவார்கள். அவர்களைக் கேட்காமல் நேரம் குறிக்கக் கூடாது. அவர்களுக்கு வசதி: வேலை நாட்களில் மாலை 6.30 முதல் 8 வரை, ஞாயிறு காலை.

நம் ஜனங்களின் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது, மதியத்தில் யாரும் மாடி ஏற மாட்டார்கள். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம், 12 மணிக்கு மேல் எமகண்டம். பார்த்ததும் டோக்கன் கொடுக்க நினைப்பவர் அந்த நேரத்தில் பணத்தைக் கையிலெடுக்க மாட்டார். ஞாயிறு 10 முதல் 12 வரை என்று வைத்தால் யாருக்கும் தடை இல்லை. பகல் வெளிச்சமும் இருக்கும். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 1 வைகாசியில் வருகிறது, அதற்குள் அக்னி நட்சத்திரமும் முடிந்துவிடும், பள்ளியும் திறக்கிற நேரம். இதைத் தவறவிட்டால் ஆனியில் சிலரும் ஆடியில் பலரும் பால் காய்ச்ச மாட்டார்கள். வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கலாம். ஆகவே இந்த வாரமே போட வேண்டும்.

முடிவான வாசகம்:

```
*வாடகைக்கு: நங்கநல்லூர், 2 படுக்கையறை, ரூ.22,000*
முதல் மாடி, லிஃப்ட் இல்லை. சுமார் 850 ச.அடி
பழவந்தாங்கல் ரயில் நிலையம் நடை தூரம்
ஜூன் 1 முதல் குடிவரலாம்

அட்வான்ஸ்: ரூ.66,000
பொதுச் செலவு: மாதம் ரூ.500
தனி இ.பி. இணைப்பு, பில் நீங்களே கட்டலாம்
2 பைக் நிறுத்தலாம். கார் இடம் இல்லை
5 பேர் வரை. குடும்பம் / வேலைக்குப் போகும் பெண்கள்
நாய், பூனை வளர்க்கலாம்

பார்க்க: திங்கள்-வெள்ளி மாலை 6.30-8, ஞாயிறு காலை 10-12
வருமுன் அழைக்கவும்: (பத்து இலக்க எண்)
நேரடி உரிமையாளர். வீடு பார்க்கும் முன் பணம் கேட்க மாட்டோம்
பதிவு: 5.5.2025
```

முதல் வரியிலேயே இடம், அளவு, வாடகை வந்துவிட வேண்டும். அறிவிப்பில் கண்ணில் படுவது அந்த வரிதான். செய்தி மிக நீண்டால் வாட்ஸ்அப் மீதியை மடித்து மறைத்துவிடும். நட்சத்திரக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் விட்டால் தடித்த எழுத்து வராது, வெறும் நட்சத்திரம்தான் தெரியும். தொலைபேசி எண்ணை இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். தொட்டவுடன் அழைப்பு போக அது உதவும்.

கடைசிக்கு முந்தைய வரி மோசடியைத் தடுக்க. ஊரில் இல்லாத ஒருவர் இணையத்தில் கிடைத்த படங்களைப் போட்டு, 'டோக்கன் அனுப்பினால் வீட்டைப் பிடித்து வைக்கிறேன்' என்று பணம் பறிப்பது பழகிப்போன ஏமாற்று. நம் வாசகத்தை யாராவது எடுத்து எண்ணை மாற்றினாலும், அந்த வரியை நீக்க மறந்தால் படிப்பவர் உஷாராவார். படங்களைக் குழுவில் போடவில்லை. கேட்பவருக்குத் தனியாக நான்கு படம்: வாசலிலிருந்து கூடம், சமையல் மேடை, கழிவறை, மாடிப்படி.

மே 7, புதன்

திங்கள் இரவு போட்டது. இரண்டு நாளாக ஒரே கேள்வி வருகிறது: "தண்ணி எப்படி?" சென்னையில் இதை விட்டது விளம்பரத்தின் ஓட்டை. அனுப்பி 15 நிமிடத்துக்குப் பிறகு செய்தியைத் திருத்த முடியாது. ஆகவே பழையதை 'அனைவருக்கும் நீக்கு' என்று எடுத்துவிட்டு, ஒரு வரி சேர்த்துப் புதிதாகப் போட்டோம்: 'போர் தண்ணீர் 24 மணி நேரமும், கொஞ்சம் உப்பு, குடிக்க கேன்.' நீக்கவும் சுமார் இரண்டு நாள்தான் அவகாசம் உண்டு. ஏற்கெனவே வெளியே போன பிரதிகளை எதுவும் செய்ய முடியாது. உப்பு என்பதை மறைக்காததால் நஷ்டமில்லை. குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பார்த்தால் தெரியப் போகிறது.

புரோக்கர்களும் அழைக்கிறார்கள், "பார்ட்டி ரெடியா இருக்கு சார்" என்று. வாடகைக்கு எடுப்பவர் ஒரு மாத வாடகையை அவர்களுக்குக் கொடுக்க நேரும். 'நேரடி உரிமையாளர்' என்ற சொல் அதனால்தான் முக்கியம்.

மே 11, ஞாயிறு

வீடு பிடித்துப்போனவர்களுக்கு அனுப்ப இரண்டாவது செய்தி. இவற்றை விளம்பரத்தில் திணித்தால் அது பத்திரம் போலாகிவிடும். சொல்லாமலே விட்டால் காலி செய்யும் நாளில் சண்டை.

11 மாத எழுத்து ஒப்பந்தம். சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு. காலி செய்ய இரு தரப்பும் ஒரு மாதம் முன் சொல்ல வேண்டும். வருடத்துக்கு 5 சதவீதம் உயர்வு. அட்வான்ஸ் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரப்படும்.

பெயிண்ட் பிடித்தத்தில்தான் நேரம் போனது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்குப் பிடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. மூன்று மாத அட்வான்ஸில் அது மூன்றில் ஒரு பங்கு. ஒரு வருடத்தில் போகிறவருக்கும் ஐந்து வருடம் இருந்தவருக்கும் ஒரே பிடித்தம் நியாயமில்லை. முடிவு: இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை, அதற்குள் போனால் 10,000. இந்தத் தொகையை எழுத்தில் கொடுத்ததும் எதிர்ப்பக்கம் கேள்வி நின்றுவிட்டது.

மே 19, திங்கள்

வீடு முடிந்தது. டோக்கன் 5,000, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளப்படும் என்று எழுதி, தேதியோடு ரசீது கொடுத்தாயிற்று. அவர்கள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே ரசீதில்: மே 25க்குள் சொன்னால் முழுவதும் திருப்பித் தரப்படும்.

குழுவில் பழைய பதிவுக்கே ரிப்ளையாக 'வாடகைக்குப் போய்விட்டது, 19.5.2025' என்று போட்டோம். தனிச் செய்தியாகப் போட்டால் எந்த வீடு என்று தெரியாது. வெளியே சுற்றும் பிரதிகளால் இன்னும் சில வாரம் அழைப்பு வரும். அழைப்பவர்களுக்கு அனுப்ப ஒரு வரிப் பதிலை வீட்டுக்காரரின் போனில் சேமித்து வைத்தாயிற்று.